‘எதிர்பார்த்த நிலையை எட்டவில்லை’ என்று ஸ்கூல் மெயில் வந்தால் எப்படி வாசிப்பது, அடுத்து என்ன கேட்பது

கொழும்பில் சர்வதேசப் பாடசாலைகளில் பிள்ளை படிக்கும் வீடுகளுக்கு, தவணை பாதியைத் தாண்டும்போது இப்படியொரு மெயில் வரும்:

“இந்தத் தவணையில் இதுவரை அவதானித்ததன்படி, உங்கள் பிள்ளை கணிதத்தில் எதிர்பார்க்கப்படும் நிலையை எட்டவில்லை என்பதை அறியத்தருகிறோம். வீட்டில் உங்கள் மேலதிக ஆதரவை வேண்டுகிறோம். விளக்கம் தேவைப்படின் தயங்காமல் தொடர்புகொள்ளவும்.”

நான் சில வருடங்கள் ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியராக இருந்து, இப்படியான மெயில்களை அனுப்பிய பக்கத்தில் இருந்தவள். இப்போது வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் தெரிந்த பெற்றோர் இதே மெயிலை எனக்கு அனுப்பி “இதுக்கு என்ன அர்த்தம் அக்கா” என்று கேட்கிறார்கள். அநேகமானவர்கள் கேட்பதற்கு முன்பே டியூஷனுக்குக் காசு கட்டியிருப்பார்கள். இந்த வழிகாட்டி அந்த டியூஷன் கட்டணத்துக்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியது. உதாரணமாக நான்காம் ஆண்டில், எட்டு வயதில், ஆங்கில மொழி மூலம் படிக்கிற, வீட்டில் தமிழ் பேசுகிற ஒரு சிறுமியை எடுத்துக்கொள்கிறேன். கணிதம் என்று மெயில் சொல்கிறது.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அந்த மெயில், கடைசி ரிப்போர்ட், பிள்ளையின் கணிதக் கொப்பி, திருத்தித் தந்த ஒரு சோதனைத் தாளாவது ஒன்று, ஒரு வெள்ளைத்தாள். இவ்வளவுதான். கொப்பி ஸ்கூலில் இருந்தால் அடுத்த நாள் கொண்டுவரச் சொல்லுங்கள், கொப்பி இல்லாமல் மூன்றாவது படிக்குப் போக முடியாது.

இல்லாமல் இருக்க வேண்டியதும் ஒன்று உண்டு: வகுப்பு அம்மாமாரின் வட்ஸ்அப் குழு. “உங்களுக்கும் மெயில் வந்ததா” என்று அங்கே கேட்டால் இரண்டு பேர் “வரவில்லை” என்பார்கள், நாலு பேர் பேசாமல் இருப்பார்கள், அடுத்த நாள் வேனில் உங்கள் பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தேவையான தகவல் அந்தக் குழுவில் யாரிடமும் இல்லை.

## 1. மெயிலில் என்ன இல்லை என்று பாருங்கள்

முதல் தடவை வாசிக்கும்போது மனம் ‘எட்டவில்லை’ என்ற இடத்திலேயே நின்றுவிடும். இரண்டாம் தடவை பேனையோடு வாசியுங்கள். யார் அனுப்பியது, எப்போது அனுப்பியது, எதை வைத்துச் சொல்கிறார்கள், அதற்கு ஸ்கூல் என்ன செய்கிறது: இந்த நான்கையும் தாளில் எழுதி, மெயிலில் பதில் இருந்தால் நிரப்புங்கள். மேலே உள்ள மெயிலில் கடைசி இரண்டும் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைதான் பிறகு உங்கள் கேள்வியாகப் போகிறது.

யார் அனுப்பியது என்பது முக்கியம். வகுப்பாசிரியரின் சொந்த முகவரியிலிருந்து, பிள்ளையின் பெயர் போட்டு, ஒரு பாடத்தைச் சொல்லி வந்தால் அவருக்குக் குறிப்பாக ஏதோ தெரிந்திருக்கிறது. அலுவலக முகவரியிலிருந்து வந்து, பெயரை மட்டும் மாற்றினால் வேறு எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும் என்றால் அது ஒரு அச்சுக் கடிதம், ஒரு குறிப்பிட்ட புள்ளிக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் போயிருக்கலாம். இரண்டுமே பதில் எழுத வேண்டியவைதான், ஆனால் இரண்டாவதைப் பார்த்து டீச்சர் உங்கள் பிள்ளையைப் பற்றி ராத்திரி யோசித்து எழுதினார் என்று நினைக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு மொட்டையாக எழுதுகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். வகுப்பாசிரியர் முதலில் எழுதுவது பெரும்பாலும் விளக்கமாகத்தான் இருக்கும். அது பிரிவுத் தலைவர் பார்வைக்குப் போகும்போது, பெற்றோர் சண்டைக்கு வரக்கூடிய வரிகளெல்லாம் வெட்டுப்படும். கடைசியில் மிஞ்சுவது யாரும் பிழை பிடிக்க முடியாத மூன்று வரி. ஆகவே கேட்டால் விபரம் கிடைக்கும் வாய்ப்பு நல்லாவே இருக்கிறது.

எப்போது அனுப்பியது என்பதற்கு ஒரு எச்சரிக்கை. கல்வியாண்டின் கடைசித் தவணையில் வந்த மெயில் வேறு வகை, அது அடுத்த வகுப்புக்கு ஏற்றுவதா என்ற முடிவுக்கு முன்னோட்டமாக இருக்கலாம். அதை ஊகிக்காமல் நேராகவே கேட்க வேண்டும், ஆறாவது படியில் சொல்கிறேன்.

## 2. எந்த அளவுகோல் என்று ஊகித்து வையுங்கள்

‘எதிர்பார்க்கப்படும் நிலை’ என்று ஸ்கூல் சொல்லும்போது அது கீழே உள்ளவற்றில் எதுவாகவும் இருக்கலாம், சில நேரம் எழுதினவருக்கே தெளிவில்லாமல் இருக்கலாம்.

ஒன்று, பாடத்திட்டத்தின் அளவு. இங்கிலாந்துப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் இடத்தில் நான்காம் ஆண்டு முடியும்போது பிள்ளைக்கு 12 வரை வாய்ப்பாடு தெரிந்திருக்க வேண்டும், நான்கு இலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் வர வேண்டும். கவனியுங்கள், ஆண்டு *முடியும்போது*. செப்டெம்பரில் தொடங்கிய கல்வியாண்டில் நவம்பரில் “எட்டவில்லை” என்றால், ஆண்டு முடிவில் எட்ட வேண்டியதை இன்னும் எட்டவில்லை என்கிறார்களா, இந்த மாதம் இருக்க வேண்டிய இடத்திலேயே இல்லை என்கிறார்களா? முதலாவது என்றால் வகுப்பில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். இரண்டாவது என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்காமல் விட்டுத்தான் பல பெற்றோர் பயந்துபோகிறார்கள்.

இரண்டாவது, வகுப்பின் சராசரி. பாடத்திட்ட அளவில் சரியாக இருக்கும் பிள்ளை, கெட்டிக்காரர் நிறைந்த வகுப்பில் கீழே தெரியலாம். அதோடு ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி இருக்கும். எட்டு வயதில் ஒரு வருடம் என்பது பெரிய இடைவெளி.

மூன்றாவது, வேலையை முடிப்பது. வீட்டுவேலை தரவில்லை, வகுப்பு வேலை பாதியில் நிற்கிறது. பாடம் தெரியும், தாள் வெறுமை. நான்காவது, இதே பிள்ளையின் பழைய நிலை: போன வருடம் நன்றாக இருந்தவள் இறங்கியிருக்கிறாள். இதற்குக் காரணம் பாடத்துக்கு வெளியே இருப்பதும் உண்டு, புது டீச்சர், வீடு மாறியது, பக்கத்தில் இருந்த சிநேகிதி வேறு பிரிவுக்குப் போனது.

உங்கள் ஊகத்தைத் தாளில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கொப்பி அதைச் சரி என்றோ பிழை என்றோ சொல்லும்.

## 3. கொப்பியைப் பின்னாலிருந்து திறவுங்கள்

புள்ளிகளைப் பார்க்க வேண்டாம், பிழைகளைப் பாருங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு மூன்று கிழமை வேலை போதும். ஒரே மாதிரிப் பிழை திரும்பத் திரும்ப வருகிறதா என்பதுதான் தேடுவது, சிதறலான பிழைகள் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும்.

503 − 247 என்ற கணக்குக்குப் பிள்ளை 344 என்று எழுதியிருந்தால் கவனயீனம் என்று தள்ளிவிடாதீர்கள். 5-இல் 2 போனால் 3, அடுத்து 0-இல் 4 எடுக்க முடியாது, ஆகவே 4-இலிருந்து 0, அப்புறம் 7-இலிருந்து 3. ஒவ்வொரு நிரலிலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள். கடன் எடுப்பது விளங்கவில்லை, அதுவும் நடுவில் பூச்சியம் வரும்போது. இது கணிதத்தில் உள்ள இடைவெளி, ஒரு குறிப்பிட்ட இடத்தில், கற்பித்தால் மூடக்கூடியது.

நம் சிறுமியின் கொப்பியில் அப்படி இல்லை. வெறும் கூட்டல், கழித்தல், பெருக்கல் பக்கங்களில் பெரும்பாலும் சரி. வசனக் கணக்குப் பக்கங்களில்தான் சிவப்பு. உதாரணத்துக்கு: ஒரு பெட்டியில் 24 பென்சில், அப்படி 6 பெட்டி வாங்கி, 38 பென்சிலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் மீதி எத்தனை? விடை 106. அவள் எழுதியது 68. அது 24, 6, 38 மூன்றையும் கூட்டினால் வரும் எண். அடுத்த வசனக் கணக்கிலும் கண்ணில் பட்ட எண்களையெல்லாம் கூட்டியிருக்கிறாள். கேள்வியை வாசிக்காத, அல்லது வாசித்தும் விளங்காத பிள்ளை செய்யும் வேலை இது.

இன்னொன்றையும் இதே நேரத்தில் பாருங்கள். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதிய பக்கத்தையும் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதிய பக்கத்தையும் பக்கத்தில் வையுங்கள். பலகைப் பக்கத்தில் மட்டும் எண் மாறி, வரி விடுபட்டு இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் கண் வைத்தியர். இதை நான் பல கொப்பிகளில் கண்டிருக்கிறேன். தனக்குத் தெரியவில்லை என்பது அந்தப் பிள்ளைக்கே தெரியாது, எல்லோருக்கும் பலகை அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

## 4. மேசையில் இருபது நிமிடம்: மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள்

பிள்ளைக்குப் பசியில்லாத, தூக்கம் வராத நேரமாகப் பாருங்கள். ஸ்கூல் வேன் இரண்டரைக்கு இறக்கிவிட்ட கையோடு செய்தால் நீங்கள் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

பாடப்புத்தகத்திலிருந்து ஒரே மாதிரியான மூன்று வசனக் கணக்கு எடுங்கள். முதலாவதை அவளே வாசித்துச் செய்யட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். இரண்டாவதை நீங்கள் ஆங்கிலத்திலேயே நிறுத்தி வாசித்துக் காட்டுங்கள், விளக்கம் வேண்டாம். மூன்றாவதைத் தமிழில் சொல்லுங்கள். அப்புறம் அதே கணக்குகளில் வரும் எண்களை மட்டும் வைத்து 24 × 6, 144 − 38 என்று வெறும் கணக்காகக் கொடுங்கள்.

இதில் வருவதை இப்படி வாசிக்கலாம். தானே வாசித்தபோது பிழை, நீங்கள் வாசித்தபோது சரி என்றால் சிக்கல் வாசிப்பில், அல்லது கண்ணில். இரண்டிலும் பிழை, தமிழில் சொன்னதும் சரி என்றால் ஆங்கிலம் விளங்கவில்லை. மூன்றிலும் பிழை, ஆனால் வெறும் கணக்கு சரி என்றால் எப்போது கூட்டுவது, எப்போது பெருக்குவது என்ற தெரிவில் சிக்கல். வெறும் கணக்கே பிழை என்றால்தான் நாம் வழக்கமாக ‘கணிதம் வராது’ என்று சொல்வது. நான்குக்கும் மருந்து வேறு வேறு. நான்குக்கும் வீட்டுக்கு வரும் மெயில் மட்டும் ஒன்றுதான்.

மூன்று கணக்கில் முடிவு கட்ட வேண்டாம், இரண்டு நாள் விட்டு வேறு மூன்று கணக்கில் இன்னொரு தடவை பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி வந்தால் நம்பலாம்.

நம் சிறுமி முதல் வகை. நீங்கள் வாசித்தால் செய்கிறாள். ஆகவே ஒரு படி கூட: அவளது ஆங்கில வாசிப்புப் புத்தகத்தில் கிட்டத்தட்ட 100 சொல் உள்ள ஒரு பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, தடுமாறும், விடும், மாற்றி வாசிக்கும் சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நூறில் பத்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் அவள் தனியாக வாசித்து விளங்கிக்கொள்ளும் அளவைத் தாண்டியது என்பது வாசிப்பு ஆசிரியர்கள் பாவிக்கும் கணக்கு. அவள் பதினான்கு இடத்தில் தடுமாறுகிறாள். இப்போது கையில் ஒரு விஷயம் இருக்கிறது: கணிதம் என்று வந்த மெயிலுக்குப் பின்னால் ஆங்கில வாசிப்பு நிற்கிறது.

இந்த இடத்தில் வழக்கமாக நடக்கும் தவறு, சோதனையைப் பாடமாக மாற்றிவிடுவது. முதல் கணக்கு பிழைத்ததும் அப்பா பேனையைப் பிடுங்கி விளக்கத் தொடங்குவார். அப்புறம் வரும் எந்த விடையும் அவளுடைய நிலையைக் காட்டாது.

## 5. பிள்ளையிடம் கேட்பது

மெயில் வந்ததைச் சொல்லலாம், ஒளிக்கத் தேவையில்லை. “ஏன் உனக்கு வருகுதில்லை” என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு எட்டு வயதுப் பிள்ளையிடம் பதில் கிடையாது. “மிஸ் வேலை தந்ததும் முதலில் என்ன செய்வாய்?”, “விளங்காவிட்டால் யாரைப் பார்ப்பாய்?”, “வகுப்பில் எங்கே இருக்கிறாய்?” இப்படிக் கேட்டால் சம்பவம் வரும். நம் சிறுமி சொன்னது: “நான் பக்கத்தில் இருக்கிறவளின் கொப்பியைப் பார்த்துத்தான் என்ன செய்ய வேணும் என்று பார்ப்பன்.” ரிப்போர்ட்டில் ‘மற்றப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்கிறாள்’ என்று இருந்த வரிக்கும் விளக்கம் அதிலேயே இருக்கிறது.

## 6. பதில் மெயில்: மூன்று கேள்வி, ஒரு அவதானிப்பு

மெயில் வந்து ஒரு கிழமைக்குள் பதில் போனால் போதும். அன்று இரவே எழுதுவது கூடாது, கோபமும் பயமும் எழுத்தில் தெரியும். பார்த்தேன், விபரமாக எழுதுகிறேன் என்று ஒரு வரி மட்டும் அடுத்த நாள் போடலாம்.

விபர மெயில் இப்படி இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களும் இதே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்:

“வணக்கம் மிஸ். மெயிலுக்கு நன்றி. வீட்டில் கொப்பியைப் பார்த்தோம். வசனக் கணக்கை அவள் தானே வாசிக்கும்போது பிழைக்கிறது, நாங்கள் ஆங்கிலத்தில் வாசித்துக் கொடுத்தால் செய்கிறாள். வகுப்பிலும் இப்படி நடக்கிறதா?

மூன்று விஷயம் அறிய விரும்புகிறோம். எட்டாத திறன்கள் என்று நீங்கள் கருதும் இரண்டு மூன்றைச் சொல்ல முடியுமா, அது ஆண்டு முடிவுக்கான அளவா, இந்த மாதத்துக்கான அளவா? அப்படிக் கருத வைத்த வேலை ஒன்றிரண்டை நாங்கள் பார்க்கலாமா? இதற்கு வகுப்பில் இப்போது என்ன செய்கிறீர்கள், மறுபடி எப்போது பார்ப்பீர்கள்?

அடுத்த கிழமை 15 நிமிடம் சந்திக்க முடிந்தால் நல்லது.”

அவதானிப்பை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. டீச்சருக்கு வகுப்பில் 25 பேராவது இருப்பார்கள். ‘விளக்கம் தரவும்’ என்று கேட்டால் ரிப்போர்ட்டில் உள்ளதையே திருப்பி எழுதுவார். நீங்கள் குறிப்பாக ஒன்றைக் கண்டு எழுதினால், அவர் அடுத்த கணித வேளையில் அதைத் தேடிப் பார்ப்பார், பார்க்காமல் இருக்க முடியாது.

மூன்று கேள்விக்கு மேல் போடாதீர்கள், ஏழு போட்டால் எளிதான இரண்டுக்குத்தான் பதில் வரும். எத்தனையாவது இடம், வேறு யாருக்கு மெயில் போனது என்பவற்றைக் கேட்க வேண்டாம், பதில் வந்தாலும் அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. ஆண்டுக் கடைசி என்றால் மட்டும் தனியாக ஒரு வரி: “இது அடுத்த வகுப்புக்கு ஏற்றுவதைப் பாதிக்கும் விஷயமா, அப்படியென்றால் அந்த முடிவு எப்போது, யார் எடுப்பது?”

## 7. சந்திப்பில் சொற்களை இறக்குங்கள்

கொப்பியும் தாளும் கையோடு போகட்டும். ஒருவர் பேசுங்கள், மற்றவர் எழுதுங்கள். டீச்சர் ‘கவனம் இல்லை’, ‘மெதுவு’, ‘தன்னம்பிக்கை இல்லை’ என்று சொல்வார். ஒவ்வொன்றையும் மறுக்காமல் கீழே இறக்க வேண்டும்: “கடைசியாக எப்போது அப்படி இருந்தாள் மிஸ், அப்போது என்ன வேலை செய்துகொண்டிருந்தார்கள்?” மூன்று உதாரணமும் வாசிக்க வேண்டிய வேலையாகவே வந்தால் ‘கவனம் இல்லை’ என்பது கரைந்து, வேறு பெயர் எடுக்கும். அதோடு மறுபக்கத்தையும் கேளுங்கள், எந்த வேலையில் கவனமாக இருக்கிறாள் என்று. அதற்குப் பதில் சொல்லும்போதுதான் பல டீச்சர்மாருக்கே விஷயம் பிடிபடும்.

இரண்டு அறிவுரை அநேகமாக வரும். அவற்றுக்கு ஆயத்தமாகப் போங்கள்.

முதலாவது, “வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள்.” நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் வீட்டில் பேச்சு வளமாக இருப்பதுதான் பிள்ளைக்குப் பலம், அது தமிழில் இருப்பதால் ஆங்கில வாசிப்பு கெடுவதில்லை. தமிழில் நன்றாகப் பேசுகிற அம்மா தடுமாறும் ஆங்கிலத்துக்கு மாறினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு குறையும், வேறொன்றும் நடக்காது. கதையைத் தமிழில் பேசி, காரணம் கேட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பழகிய பிள்ளை அதே பழக்கத்தை ஆங்கிலப் புத்தகத்துக்கும் கொண்டுபோகும். ஆகவே தலையாட்டிவிட்டு வராமல் இப்படிச் சொல்லலாம்: “பேச்சு தமிழிலேயே இருக்கட்டும் மிஸ், தினமும் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் சேர்ந்து வாசிக்கிறோம். அவள் நிலைக்கு எந்தப் புத்தகம் சரி என்று சொல்லுங்கள்.”

இரண்டாவது, டியூஷன். நான்காம் படியில் வெறும் கணக்கே பிழைத்திருந்தால், சரி, ஒரு நல்ல ஆள் உதவலாம். நம் சிறுமிக்குக் கணித டியூஷன் போட்டால் அங்கேயும் வாசிக்க முடியாத வசனக் கணக்குத்தான் கிடைக்கும், ஒரு மணி நேரம் கூட. டியூஷன் கொடுப்பதும் அதே வகுப்பாசிரியர்தான் என்றால் சங்கடம்தான். “முதலில் வகுப்பில் என்ன செய்யலாம் என்று ஆறு கிழமை பார்ப்போம்” என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

வகுப்பில் கேட்கக்கூடியவை சின்னவையாக இருக்கட்டும், சின்னதென்றால்தான் நடக்கும். வசனக் கணக்கைத் தொடங்கும் முன் டீச்சரோ பக்கத்துப் பிள்ளையோ ஒரு தடவை சத்தமாக வாசிப்பது. அவளை முன் வரிசைக்கு மாற்றுவது. தவணைச் சோதனையில் கேள்வியை வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்பது, ஒரு தடவையாவது. வாசித்துக் காட்டிய தாளுக்கும் காட்டாத தாளுக்கும் உள்ள புள்ளி இடைவெளி, நாம் எவ்வளவு பேசினாலும் காட்ட முடியாததைக் காட்டும்.

அன்று மாலையே நாலு வரி மெயில் போடுங்கள்: என்ன பேசினோம், ஸ்கூல் என்ன செய்யும், நாங்கள் என்ன செய்வோம், எந்தத் திகதியில் மறுபடி பார்ப்போம். எழுத்தில் இல்லாதது அடுத்த தவணை டீச்சர் மாறினால் காணாமல் போய்விடும்.

## 8. ஆறு கிழமைக்குப் பிறகு எந்தப் பக்கம்

நான்காம் படியைத் திரும்பச் செய்யுங்கள், புதுக் கணக்கு, புது 100 சொல். தடுமாற்றம் பதினான்கிலிருந்து எட்டுக்கு இறங்கியிருந்தால் அதே வழியில் தொடருங்கள். புள்ளி உடனே ஏறாது, முதலில் ஏறுவது முயற்சி செய்யும் கேள்விகளின் எண்ணிக்கை. வெறுமையாக விட்ட இடத்தில் பிழையான விடை வரத் தொடங்கினால் அது முன்னேற்றம்.

அசைவே இல்லையென்றால் தமிழையும் பாருங்கள். தமிழ்க் கதையொன்றைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல முடிகிறதா, தமிழ் எழுத்துகளைக் கற்றிருந்தால் அவற்றிலும் இதே தடுமாற்றமா? ஆங்கிலத்தில் மட்டும் என்றால் இன்னும் நேரமும் பயிற்சியும் தேவை. இரண்டு மொழியிலும் என்றால் ஆங்கிலத்தைக் குறை சொல்லிக் காலத்தைப் போக்கக் கூடாது, கேட்டல், பேச்சு, வாசிப்பு ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணும் காதும் முதலில், அவை மலிவானவை, விரைவில் முடிபவை. குடும்ப வைத்தியரிடம் தொடங்கலாம், அரச பக்கம் என்றால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. வாசிப்பையோ பேச்சையோ மதிப்பிடப் போகும்போது தமிழிலும் பரிசோதிப்பார்களா என்று நேரம் எடுக்கும்போதே கேளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் மதிப்பிட்டால் நீங்கள் பிரித்துப் பார்த்த இரண்டும் மறுபடி கலந்துவிடும்.

## 9. ஸ்கூல் பதிலே தராவிட்டால்

ஒரு கிழமை பொறுத்து அதே மெயிலை, புதிதாக ஒன்றும் சேர்க்காமல், மறுபடி அனுப்புங்கள். இன்னும் ஒரு கிழமையில் பதில் இல்லையென்றால் பிரிவுத் தலைவருக்கு, வகுப்பாசிரியரையும் பிரதியில் வைத்து. அவரைத் தாண்டிப் போவதாகத் தெரிந்தால் வருடம் முழுக்கப் பிள்ளைதான் அந்த வகுப்பில் இருக்கப்போகிறாள். அதற்கடுத்து அதிபர். அரச பாடசாலை என்றால் அதிபருக்கு மேலே வலயக் கல்விப் பணிமனை உண்டு. சர்வதேசப் பாடசாலைகள் பொதுவாகக் கம்பனிகளாகப் பதிவானவை, அந்தப் படி அங்கே இல்லை, அதிபருக்கு மேலே நிர்வாகம்தான். அதனால்தான் முதல் மெயிலிலிருந்தே எல்லாம் எழுத்திலும் திகதியோடும் இருக்க வேண்டும். அதிபரின் மேசைக்குப் போகும்போது உங்கள் மூன்று கேள்வியும், அவை எப்போது கேட்கப்பட்டன என்பதும் ஒரே தாளில் தெரிந்தால் அந்தச் சந்திப்பு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.